லீவு கிடைத்ததும் மேனேஜருக்கு அனுப்பும் பதில் மெயில்: எழுதும் முறை

லீவு கேட்டு மெயில் போட்டாயிற்று, மேனேஜரும் சரி என்றுவிட்டார். இதற்குப் பதில் மெயிலில் “நன்றி சார்” என்று மட்டும் அனுப்புவதுதான் பலருடைய வழக்கம். மரியாதைக்கு அது போதும், ஆனால் எந்தத் தேதி, யார் பொறுப்பு என்பது அதில் இல்லை. இன்னும் நாலைந்து வரி சேர்த்தால், லீவின் நடுவில் வரும் பாதி போன் அழைப்புகள் வராது.

ஓர் உதாரணத்தை வைத்தே பார்ப்போம். நீங்கள் கேட்டது 2026 மார்ச் 12 வியாழன் முதல் 17 செவ்வாய் வரை. மேனேஜர் எழுதிய பதில்: “சரி, ஆனால் 17ஆம் தேதி மீட்டிங் இருக்கிறது, 16 வரை எடுத்துக்கொள்ளுங்கள்.” உங்கள் அலுவலகத்துக்குச் சனி, ஞாயிறு விடுமுறை என்று வைத்துக்கொள்வோம்.

1. அதே மெயிலுக்கு ரிப்ளை செய்யுங்கள்

புது மெயில் வேண்டாம். அதே சங்கிலியில் பதில் போனால், கீழேயே மேனேஜர் சம்மதித்த வரி நிற்கும்; பிறகு தேட வேண்டியதில்லை. நேரிலோ போனிலோ சம்மதம் சொல்லியிருந்தால் மட்டும் புது மெயில் எழுதி, “இன்று காலை பேசியபடி” என்று தொடங்குங்கள். அப்போது எழுத்தில் இருக்கும் ஒரே பதிவு அதுதான்.

2. கேட்ட தேதியை அல்ல, கிடைத்த தேதியை எழுதுங்கள்

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. பழைய மெயிலிலிருந்து தேதியை அப்படியே எடுத்து ஒட்டினால் 17 என்றே போய்விடும். அவர் மாற்றியதை நீங்கள் கவனிக்கவில்லை, அல்லது ஏற்கவில்லை என்று ஆகிவிடும்.

“16 வரை லீவு” என்று மட்டும் எழுதினாலும் குழப்பம் தீராது. 16ஆம் தேதி வருகிறீர்களா, 17ஆம் தேதியா என்ற கேள்வி எழும். அதனால் லீவின் முதல் நாள், கடைசி நாள், வேலைக்குத் திரும்பும் நாள் மூன்றையும் கிழமையோடு எழுதுங்கள். தேதி பிசகினாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். 12/03 என்று எண்ணில் எழுதாமல் மாதத்தின் பெயரை எழுதுங்கள்; அதையே டிசம்பர் 3 என்று படிப்பவர்களும் உண்டு.

வேலை நாள் கணக்கும் ஒரு வரி இருக்கட்டும். இங்கே 12, 13, 16 ஆகிய மூன்று நாள்தான். லீவு போர்ட்டலில் முதலில் நான்கு நாள் என்று போட்டிருந்தால், பதில் அனுப்பும் முன்பே அதைத் திருத்திவிடுங்கள். மெயிலில் மூன்று, போர்ட்டலில் நான்கு என்று இருந்தால், வேலைக்கு வந்த நாளும் லீவுக் கணக்கில் கழிந்துவிடலாம்.

3. பொறுப்பு யாரிடம் என்று சொல்லுங்கள்

“எல்லாவற்றையும் கவிதா பார்த்துக்கொள்வார்” என்ற வரியால் பயன் இல்லை. என்ன வேலை, எப்போது முடிய வேண்டும், ஃபைல் எங்கே இருக்கிறது என்று இருந்தால்தான் மேனேஜர் உங்களைத் தேடாமல் கவிதாவைக் கேட்பார். லீவு நாட்களுக்குள் வரும் வேலைகள் மட்டும் போதும். இரண்டு மூன்றுக்கு மேல் இருந்தால் தனி ஃபைலில் எழுதி இணைத்துவிடுங்கள்.

பெயரை எழுதும் முன் அவரிடம் கேட்டு, சரி என்று சொன்ன பிறகே எழுதுங்கள். அவரையும் சிசியில் சேருங்கள். தன் பெயர் இருப்பதே தெரியாமல், மேனேஜர் கேட்கும்போது அவர் விழிக்கும்படி விடுவது நியாயமில்லை.

4. முழு மெயில்

> வணக்கம் சார்,
>
> லீவுக்குச் சம்மதித்ததற்கு நன்றி. நீங்கள் சொன்னபடி மார்ச் 12 வியாழன் முதல் மார்ச் 16 திங்கள் வரை லீவில் இருப்பேன் (3 வேலை நாட்கள்). மார்ச் 17 செவ்வாய் காலை வேலைக்கு வந்து, மீட்டிங்கிலும் கலந்துகொள்வேன். போர்ட்டலிலும் தேதியை மாற்றிவிட்டேன்.
>
> 13ஆம் தேதி அனுப்ப வேண்டிய வார அறிக்கையைக் கவிதா அனுப்புவார். அதற்கான ஃபைல் டீம் ஃபோல்டரில் “வார அறிக்கை” என்ற பெயரில் இருக்கிறது. வாடிக்கையாளர் கேள்விகளை முரளி பார்த்துக்கொள்வார். இருவரிடமும் பேசிவிட்டேன், சிசியிலும் சேர்த்திருக்கிறேன்.
>
> அவசரம் என்றால் மாலை 5 மணிக்கு மேல் போனில் பேச முடியும். இதில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் 10ஆம் தேதிக்குள் சொல்லுங்கள்.
>
> நன்றி.

லீவுக்கான காரணத்தை மறுபடி விளக்க வேண்டாம்; அது முதல் மெயிலிலேயே இருக்கிறது. “எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்” என்றும் எழுத வேண்டாம். போனில் பேச முடியாத நிலை என்றால், மாலை 5 மணி என்ற வரியையே எடுத்துவிட்டு, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்று எழுதுங்கள்.

சம்மதம் வந்த அன்றோ மறுநாளோ இதை அனுப்பிவிடுங்கள். பொறுப்பேற்பவர் இன்னும் முடிவாகவில்லை என்றாலும் தாமதிக்காமல் தேதிகளை உறுதிசெய்து அனுப்பி, “பொறுப்பு விவரத்தை 9ஆம் தேதி திங்களன்று அனுப்புகிறேன்” என்று நாள் குறித்துச் சொல்லுங்கள்.