ஏர்கோன் சர்விஸ் முடிந்தபின் கருத்துக் கேட்க லிங்க் அனுப்புவது எப்படி?

நானும் மச்சானும் சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் வீவக வீடுகளில் ஏர்கோன் சர்விஸ் செய்கிறோம். முதலில் 40 வீடுகளுக்கு கூகல் ஃபார்ம் லிங்க் அனுப்பினோம். வந்த பதில் 3. ஃபார்மில் கேள்விகள் அதிகம் என்று நினைத்து ஒன்பதை மூன்றாகக் குறைத்தேன். அப்போதும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

காரணத்தைச் சொன்னவர் ஒரு வாடிக்கையாளர் ஆன்ட்டி. "தெரியாத நம்பர்லேர்ந்து லிங்க் வந்தா நான் தொடவே மாட்டேன் தம்பி. உன்னோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" நியாயம்தான். 2022லிருந்து இங்கே வங்கிகளே குறுஞ்செய்தியில் லிங்க் அனுப்புவதில்லை. 2023 தொடக்கத்திலிருந்து, பதிவு செய்யாத பெயரில் வரும் எஸ்எம்எஸ் Likely-SCAM என்ற தலைப்பில்தான் வந்து நிற்கிறது. மோசடியில் சிக்காமலிருக்க நன்றாகப் பழகிவிட்டவர்களிடம்தான் நாம் லிங்க்கைத் தட்டச் சொல்கிறோம்.

1. ஃபார்ம். மூன்று கேள்விகள் போதும்: வேலைக்கு 1 முதல் 5 வரை எத்தனை மதிப்பெண், தண்ணீர் ஒழுகுவது நின்றதா, எதைச் சரியாகச் செய்யவில்லை. மூன்றாவதைக் கட்டாயமாக்காதீர்கள். "ஏதாவது கருத்து உண்டா?" என்று கேட்டால் "ஓகே" என்றுதான் வரும். குறையை நேராகக் கேட்டால் "பால்கனியில் அழுக்குத் தண்ணீரை அப்படியே விட்டுப் போய்விட்டார்கள்" என்று எழுதுகிறார்கள். நமக்கு வேண்டியது அதுதான்.

Settings பகுதியில் Limit to 1 response அணைந்திருக்க வேண்டும். அதை இயக்கினால் கூகல் கணக்கில் உள்நுழையச் சொல்லும், பாதிப் பேர் அங்கேயே மூடிவிடுவார்கள். புகைப்படம் ஏற்றும் கேள்வி வைத்தாலும் இதே கதை. படம் வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

2. வேலை எண்ணை லிங்க்கிலேயே வைப்பது. நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டது இங்கேதான். யார் பதிலளித்தார்கள் என்று தெரிந்தால்தான் மற்றவர்களுக்கு மட்டும் நினைவூட்ட முடியும். ஃபார்மின் கடைசியில் "வேலை எண்" என்று ஒரு சிறு பதில் கேள்வி சேருங்கள். மூன்று புள்ளி மெனுவில் Pre-fill form இருக்கும், பழைய திரையில் Get pre-filled link. வேலை எண்ணை மட்டும் நிரப்பி Get link தட்டினால் இப்படி வரும்:

```
https://docs.google.com/forms/d/e/FORM_ID/viewform?usp=pp_url&entry.1234567890=J0417
```

இதைச் சேமித்துவைத்து, ஒவ்வொரு வேலைக்கும் கடைசியில் வரும் வேலை எண்ணை மட்டும் மாற்றினால் போதும். நான் முதலில் `J 0417` என்று நடுவில் இடம்விட்டு எழுதினேன். வாட்ஸ்அப்பில் இடைவெளி வந்த இடத்தோடு லிங்க் முடிந்துவிடும். ஃபார்ம் திறக்கும், ஆனால் வேலை எண்ணில் J மட்டும்தான் இருக்கும். ஆறு பதில் வந்தபிறகுதான் கண்டுபிடித்தேன்.

நீளமாக அசிங்கமாக இருக்கிறதே என்று லிங்க் சுருக்கும் தளங்களுக்குப் போகாதீர்கள். எங்கே போகும் என்று தெரியாத லிங்க்கைக் கண்டால் நம் ஆட்களுக்கு அலர்ஜி. docs.google.com என்று தெரிவதே மேல். குட்டியாகத்தான் வேண்டுமென்றால், கூகல் ஃபார்மிலேயே கிடைக்கும் forms.gle லிங்க் இருக்கிறது. ஆனால் அதில் வேலை எண் வராது.

3. அனுப்புவது. பதில் கூடியது பெரும்பாலும் இதனால்தான். அப்பாயின்ட்மென்ட் உறுதிசெய்த அதே வாட்ஸ்அப் உரையாடலிலேயே அனுப்புங்கள். மேலே "நாளை காலை 10 மணிக்கு வருகிறோம்" என்று இருந்தால் யார் என்ற கேள்வியே எழாது. பிராட்காஸ்ட் பட்டியல் வேண்டாம், உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். மச்சான் கிளம்பும்போது வாசலிலேயே சொல்லிவிடுவார்: "நாளைக்குச் சாயங்காலம் இதே நம்பர்லேர்ந்து மூணு கேள்வி வரும் ஆன்ட்டி."

அன்றே கேட்காமல் மறுநாள் கேட்பதற்குக் காரணம் உண்டு. இரவு முழுக்க ஓடினால்தான் ஒழுகல் நின்றதா என்று தெரியும். நான் அனுப்புவது:

> வணக்கம் ஆன்ட்டி, நேற்று உங்கள் ஹால் ஏர்கோனைச் சுத்தம் செய்தோம். இரவில் தண்ணீர் ஒழுகியதா? மூன்று கேள்விகள், அரை நிமிடம். லிங்க் திறக்க விருப்பமில்லையென்றால் 1 முதல் 5 வரை ஓர் எண்ணை இங்கேயே அனுப்புங்கள்.

இதன் கீழே லிங்க். இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுவேன். அடுத்த 40 வீடுகளில் 19 பதில். அதில் 8 வெறும் எண்ணாக வந்தவை. அவற்றை நானே ஷீட்டில் ஏற்றிவிடுகிறேன்.

பிற்சேர்க்கை: கீழே ஒருவர், "அடுத்த சர்விஸுக்கு 10 வெள்ளி தள்ளுபடி என்று சேர்க்கலாமா?" என்று கேட்டிருந்தார். கருத்து மட்டும் கேட்கும் செய்தி வேறு; சலுகையைச் சேர்த்தால் அது விளம்பரச் செய்தியாகி, விளம்பரம் வேண்டாமென்று பதிந்தவர்களுக்கான டிஎன்சி பதிவேட்டு விதிகளைப் பார்க்க வேண்டிவரும். கூகல் ரிவியூவுக்குப் பரிசு தருவதையும், 5 கொடுத்தவர்களுக்கு மட்டும் ரிவியூ லிங்க் அனுப்புவதையும் கூகல் அனுமதிப்பதில்லை. நான் தள்ளுபடி தருவதில்லை. 3க்குக் கீழே போட்டவர்களை அன்றே மச்சான் போன் செய்து கேட்கிறார்.