இயர்பட், கைபேசி விளம்பரப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை மத்திய வீதியில் உள்ள ஒரு மின்னணுப் பொருட் கடைக்கு நான் விளம்பரப் படங்கள் ஆக்கிக் கொடுத்து வருகிறேன். சென்ற ஆண்டு வெள்ளை நிற இயர்பட் ஒன்றையும் கறுப்புக் கைபேசி ஒன்றையும் சேர்த்து விற்பதற்காக, செயற்கை நுண்ணறிவுப் படக் கருவியில் பின்வரும் கட்டளையை எழுதினேன்.

```
sharp glossy white earbuds and black phone,
8k, shiny, cinematic, no glare
```

கிடைத்த படம் முதற் பார்வைக்கு அழகாகவே இருந்தது. அதைப் பார்த்து வாங்க வந்த ஒருவர், இயர்பட்டின் சார்ஜ் பெட்டியைக் கையில் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, படத்தில சார்ஜ் போடுற துளை முன்னுக்கு இருக்கு, இதில அடியில இருக்குதே, இது வேற மொடலோ?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. படத்தில் இருந்த பொருள் எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படாத ஒன்று; விற்கும் பொருளைக் காட்டாத படத்தைக் கடையின் பெயரில் வெளியிட்டது என் தவறு.

பொருளைச் சொற்களால் மட்டும் வரையச் சொன்னதே அங்கு நேர்ந்த பிழைகளுள் முதன்மையானது. கருவி ஆயிரக்கணக்கான இயர்பட் படங்களைக் கண்டு பழகியிருப்பதால், அவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வடிவத்தைத் தருமேயன்றி, நம் அலுமாரியில் இருக்கும் பொருளைத் தராது. அதிலும் சிறு நுணுக்கங்கள் முதலில் சிதையும். Stable Diffusion போன்ற கருவிகள் படத்தை நேரடியாகப் புள்ளி புள்ளியாக வரைவதில்லை. நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒன்றாகச் சுருக்கப்பட்ட ஒரு வடிவத்தில் வேலை செய்து, இறுதியில் அதை விரிக்கின்றன. 1024 புள்ளி அகலமுள்ள படம் உள்ளே 128 கட்டங்களாகவே இருக்கிறது. அப்படியானால் ஒலிவாங்கித் துளையும், வலையும், L, R என்ற எழுத்துகளும் ஓரிரு கட்டங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. அவை உருகிய மெழுகு போல வருவதற்குக் காரணம் இதுவே. கட்டளையில் 8k என்று எழுதுவதால் இந்தக் கட்டங்கள் பெருகுவதில்லை.

இயர்பட்டுக்கே உரிய இன்னொரு பிழையும் உண்டு. வலமும் இடமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒன்றுக்கொன்று எதிராக இருக்க வேண்டும். கருவியோ பெரும்பாலும் இரண்டு இடப் பக்கங்களை வரைந்துவிடும். ஒன்றைப் பிரதியெடுத்து, கிடையாகப் புரட்டி, மற்றதன் அருகே வைத்துப் பார்த்தால் இது உடனே புலப்படும். இரண்டும் ஒரே கோணத்தில் இருந்தால் காம்பின் வளைவு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும்.

ஆகவே இப்போது நான் பொருளைப் புகைப்படம் எடுத்து, கருவி அதைத் தொடாதபடி அதன் மேல் மறைப்பு இட்டு, சுற்றியுள்ள மேசையையும் பின்னணியையும் மட்டுமே கருவியிடம் கேட்கிறேன். இதிலும் இரண்டு இடங்களில் கவனம் தேவை. மறைப்பின் விளிம்பைப் பொருளுக்குள் ஒரு புள்ளியளவு சுருக்கி, மிகச் சிறிதளவு மென்மையாக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய பின்னணியின் நிறம் விளிம்பில் கோடாக ஒட்டி நிற்கும், அல்லது பொருள் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது போலத் தெரியும். அடுத்ததாக, மறைப்பு இட்ட பகுதியையும் சில கருவிகள் விரிக்கும்போது இலேசாக மாற்றிவிடுவதால், வேலை முடிந்ததும் மூலப் படத்தின் பொருளை மேலடுக்காக மீண்டும் வைத்துவிடுவது நல்லது. இயர்பட்டின் சிலிக்கோன் முனையில் பாதி ஒளி ஊடுருவுவதால் பழைய பின்னணி அதனூடாகத் தெரியும்; இதற்கு மறைப்பில் தீர்வில்லை. கேட்கப்போகும் பின்னணியின் நிறத்தை ஒத்த தாளில் வைத்தே முதலில் படம் எடுக்க வேண்டும்.

இனி ஒளித்தெறிப்பு. no glare என்று எழுதுவதில் பயனில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இக்கருவிகளின் மொழிப் பகுதி பலவற்றில் மறுப்புச் சொல்லைச் சரியாக உள்வாங்குவதில்லை. Glare என்ற சொல்லைக் கண்டு அதையே வரவழைத்துவிடுகிறது. விலக்க வேண்டியவற்றை எழுதத் தனிப் பெட்டி இருக்கும் கருவியில் அச்சொல்லை அங்கே இடலாம். அது இல்லாத இடத்தில், வேண்டாததை விட்டு வேண்டியதைச் சொல்ல வேண்டும்: விளக்கு எத்தனை, எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம், நிழல் எங்கே விழுகிறது. glossy, shiny என்பவை ஒளி எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாததால், கருவி கண்ட இடமெல்லாம் வெண்புள்ளிகளைத் தெளிக்கும். Cinematic என்பது பின்புற விளிம்பை மங்கச் செய்யும்.

புகைப்படத்திலேயே தெறிப்பை அடக்கிவிடுவது இதைவிட எளிது. கடையின் முகப்பு கிழக்குப் பார்த்தது; காலையில் கடற்பக்கத்து வெயில் கண்ணாடி வழியே நேரே விழும்போது எடுத்த படங்களில், வழுவழுப்பான பெட்டியின் மேல் வீதியும் முச்சக்கரவண்டியும்கூடத் தெரிந்தன. இப்போது இடப்பக்க யன்னலில் வெள்ளை வேட்டி ஒன்றை இரண்டாக மடித்துத் தொங்கவிடுகிறேன். ஒளிமுதல் பெரிதாகிவிடுவதால் கூர்மையான வெண்புள்ளிக்குப் பதிலாக மெல்லக் குறைந்து செல்லும் ஒரு பட்டை கிடைக்கிறது. பள்ளியில் படித்த படுகோணமும் தெறிகோணமும் சமம் என்ற விதியின்படி, கைபேசியைச் சில பாகை திருப்பினால் அந்தப் பட்டை திரையை விட்டு விளிம்புக்கு நகர்ந்துவிடும். வெள்ளைப் பெட்டியின் இரு பக்கமும் கறுப்பு பிரிஸ்டல் அட்டை நிறுத்தினால், அதன் ஓரங்களில் மெல்லிய கருங்கோடு விழுந்து உருவம் தெளிவாகப் பிரியும். விளிம்பைத் துல்லியமாக்குவதில் sharp என்ற சொல்லைவிட இந்த இரண்டு அட்டைகளுக்குப் பலன் அதிகம்.

புகைப்படத்தின் ஒளிக்கு இயைய, திருத்திய கட்டளை இவ்வாறு அமைந்தது:

```
plain light-grey tabletop, one large softbox
at upper left, soft shadow to lower right,
eye-level view, 85mm lens, everything in focus
```

பொருளின் பெயரோ புகழ்ச்சொல்லோ இதில் இல்லை. பொருளில் இடப்பக்கம் ஒளி இருக்க, மேசை நிழலும் இடப்பக்கம் விழுந்தால், காரணம் சொல்லத் தெரியாதவர்கூட அப்படத்தை நம்பமாட்டார். அதனால் நிழலின் திசையைச் சொல்லும் வரியை ஒருபோதும் விடக்கூடாது.

கைபேசித் திரையைப் பொறுத்தவரை, அதில் எழுத்து வரும்படி கருவியிடம் கேட்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆங்கிலமே சில வேளைகளில் குழறும். தமிழில் 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து கிடக்கலாம். திரையை அணைத்து வைத்தே படம் எடுத்து, அதே கைபேசியில் எடுத்த திரைப்பிடிப்பைத் திரையின் நான்கு மூலைகளுக்கும் பொருந்த இழுத்து வைக்க வேண்டும். திரைப்பிடிப்பு 1080×2400 புள்ளிகள் கொண்டதாயின் அது 20:9 விகிதம். வேறு மொடலின் பிடிப்பை இங்கே திணித்தால் வட்டமான சின்னங்கள் நீள்வட்டமாகிக் காட்டிக்கொடுக்கும். முன் கமராத் துளை திரைப்பிடிப்பில் வராது என்பதால், அந்த இடத்தை வெட்டி விட வேண்டும். மூலைகளையும் கண்ணாடியின் வளைவுக்கு ஏற்ப உருட்ட வேண்டும். மேற்பட்டையில் மின்கல அளவும், யாரோ அனுப்பிய செய்தி அறிவித்தலும் கிடக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

இவ்வளவு செய்தும் திரை ஒட்டுப்படம் போலத் தெரிந்தால், பெரும்பாலும் வெளிச்சமே காரணம். திரைப்பிடிப்பின் வெண்மை 255 என்ற உச்ச அளவில் இருக்கும்; அதை 230 அளவுக்கு இறக்கி, அணைந்த திரையின் மூலப் படத்தை அதற்கு மேலே Screen என்ற கலப்பு முறையில், குறைந்த அடர்த்தியில் வைத்தால், கண்ணாடியின் மெல்லிய தெறிப்பு எழுத்துகளின் மேல் படர்ந்து நிற்கும். தெறிப்பை முற்றாகத் துடைத்துவிட்ட திரை கண்ணாடியாகத் தோன்றாது.

படத்தைக் கடைக்கு அனுப்புமுன் 300 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, கைபேசியின் நீண்ட விளிம்போடு ஒரு நேர்கோட்டை வைத்துப் பார்க்கிறேன். பிறகு பொருளைக் கையில் எடுத்து, துளை, பொத்தான், பிணைச்சல் ஆகியவற்றைப் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறேன். இரண்டாம் முறை வெளியிட்ட படத்தில் சார்ஜ் துளை பெட்டியின் அடியில், இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது.