பதினோரு பவுன் இல்லாதவருக்கும் ஸகாத் உண்டா? கணக்கிடும் முறை

ஸகாத் கடமையாவதற்கான குறைந்தபட்ச அளவே நிஸாப். தங்கத்தின் நிஸாப் 87.48 கிராம், அதாவது பதினோரு பவுனுக்குச் சற்றே குறைவு. வெள்ளியின் நிஸாப் 612.36 கிராம். தங்கம் பதினோரு பவுனை எட்டவில்லை என்பதால் ஸகாத் கடமையில்லை என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஹனஃபி மத்ஹபில், தங்கத்தைத் தவிர வெள்ளியோ பணமோ சிறிதும் இல்லாதவருக்கே இது பொருந்தும். தங்கத்தோடு வெள்ளியோ பணமோ கலந்திருந்தால் எல்லாவற்றின் மதிப்பையும் கூட்டி, இரு நிஸாப்களில் இன்று மதிப்புக் குறைவான வெள்ளியின் நிஸாபோடு ஒப்பிட வேண்டும்.

முதலில் ஹிஜ்ரி தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சொத்து நிஸாபை எட்டிய நாளிலிருந்து ஒரு சந்திர ஆண்டு, ஏறத்தாழ 354 நாட்கள், கணக்காகும். இடையில் தொகை குறைந்தாலும், முற்றிலும் தீர்ந்துபோகாமல் ஆண்டு முடிவில் நிஸாப் இருந்தால் கடமை நிற்கும்.

அடுத்து, அந்த முடிவு நாளின் விலையில் மதிப்பிடுங்கள். சேலத்துப் பெண் ஒருவரிடம் 3 பவுன் நகை, செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய 150 கிராம் கொலுசு, வங்கியில் 60,000 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். தங்கம் கிராம் 10,000 ரூபாய், வெள்ளி 150 ரூபாய் என்று வைத்தால், நகை 2,40,000, கொலுசு 22,500, சேமிப்பு 60,000. மொத்தம் 3,22,500 ரூபாய். செய்கூலி, சேதாரம், கல்லின் விலை ஆகியவற்றைச் சேர்க்கக் கூடாது; கடை ரசீதைப் பார்த்துக் கணக்கிடுபவர்கள் தவறுவது இங்கேதான். அவர் திருப்பித் தர வேண்டிய கைமாற்று 40,000 ரூபாயைக் கழித்தால் மீதி 2,82,500. வெள்ளியின் நிஸாப் 91,854 ரூபாய் மட்டுமே என்பதால் ஸகாத் கடமையாகிறது. நாற்பதில் ஒரு பங்கு, 7,062 ரூபாய் 50 காசு, அவர் தர வேண்டியது.

ஷாஃபிஈ மத்ஹபினர் தங்கத்தையும் வெள்ளியையும் கூட்டுவதில்லை. பெண்கள் வழக்கமான அளவில் அணியும் நகைக்கும் அவர்களிடம் ஸகாத் இல்லை. ஒரே தெருவில் இரு வீட்டார் வேறு விடை சொல்வதற்கு இதுவே காரணம்.

பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரைத் திருக்குர்ஆன் 9:60 சொல்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் எதிர்ப்படுவோர் ஏழைகளும், கடனை அடைக்க வழியற்றவர்களும், பயணத்தில் பணமின்றி நிற்பவர்களுமே. பெற்றோர், பாட்டன் பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கணவன் அல்லது மனைவி ஆகியோருக்குக் கொடுக்க முடியாது. ஏழையாயிருக்கும் தங்கைக்கோ சித்தப்பாவுக்கோ தாராளமாகக் கொடுக்கலாம், அதில் உறவைப் பேணிய நன்மையும் சேரும் என்பதால் அவர்களையே முதலில் நினைப்பது நல்லது என்பேன். பள்ளிவாசல் கட்டடத்துக்கு ஸகாத் செல்லாது, ஏனெனில் பணம் ஒரு தகுதியுள்ள மனிதரின் உடைமையாக வேண்டும். முஸ்லிமல்லாத அண்டை வீட்டாருக்கு உதவ ஸதகாவிலிருந்து கொடுங்கள். கொடுக்கும்போது ஸகாத் என்ற நிய்யத் மனத்தில் இருக்க வேண்டும். வாங்குபவரிடம் அதைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை.