ஒரு போர்வையின் மேல் 20 ரூபாய் வரி: சென்னிமலைத் தறியிலிருந்து கோபி கடை வரை

கோபிச்செட்டிபாளையத்தில் எங்களுக்கு ஒரு ஜவுளிக்கடை இருக்கிறது. பில் போடுவதும் மாதக் கணக்கு எழுதுவதும் என் வேலை. போன வாரம் போர்வை வாங்க வந்த ஒரு அம்மா பில்லைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, நானூறுன்னு சொல்லிட்டு நானூத்தி இருவது போட்டிருக்கீங்களே?" என்று கேட்டார். ஜிஎஸ்டி என்று சொன்னதும் அடுத்த கேள்வி வந்தது. "மில்லுக்காரன் கட்டறான், தறிக்காரன் கட்டறான், நீங்களும் கட்டறீங்க. அப்ப ஒரே துணிக்கு எத்தனை தடவைங்க வரி?"

கேள்வி நியாயமானது. கடையில் புதிதாகக் கணக்கு எழுத வருபவர்களும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அந்த 20 ரூபாய் எங்கெங்கே, யார் கையால் அரசுக்குப் போய்ச் சேர்கிறது என்று ஒவ்வொரு படியாகப் பார்த்துவிடலாம். தனிப் போர்வையாக எடுத்தால் கணக்கு பைசாவில் போய் நிற்கும். அதனால் 100 போர்வையாக வைத்துக்கொள்வோம். விலைகள் நான் எளிமைக்காக வைத்தவை. பருத்தி நூலுக்கு வரி 5 சதவீதம். இந்த விலையில் விற்கும் போர்வைக்கும் 5 சதவீதம்தான்.

படி 1: நூல் மில்

100 போர்வைக்கு வேண்டிய நூலை மில் 16,000 ரூபாய்க்கு விற்கிறது. அதன்மேல் 5 சதவீதம், 800 ரூபாய் வரி. சென்னிமலையில் தறிப்பட்டறை வைத்திருப்பவர் 16,800 கொடுத்து வாங்குகிறார். பஞ்சுக்குக் கட்டிய வரியும் இந்த 800-க்குள் அடக்கம் என்று வைத்துக்கொண்டால், இதுவரை அரசுக்குப் போனது 800.

படி 2: தறிப்பட்டறை

தறிக்காரர் போர்வையாக நெய்து 28,000 ரூபாய்க்கு ஈரோட்டு மொத்தக் கடைக்குக் கொடுக்கிறார். பில்லில் வரி 1,400. இந்த 1,400-ஐ அவர் அப்படியே அரசுக்குக் கட்டுவதில்லை. நூல் வாங்கும்போது கொடுத்த 800 அவர் பெயரில் வரவாக இருக்கிறது. கடைத்தெருவில் இதை 'இன்புட்' என்போம், அரசுத் தமிழில் உள்ளீட்டு வரி வரவு. அதைக் கழித்துக்கொண்டு மீதி 600 மட்டும் கட்டுகிறார்.

அந்த 600 எதற்கான வரி என்று பாருங்கள். 16,000 ரூபாய் நூல் அவர் கையில் 28,000 ரூபாய் போர்வையானது. கூடிய மதிப்பு 12,000. அதற்கு 5 சதவீதம்தான் 600. ஒவ்வொருவரும் தன் கையில் கூடிய மதிப்புக்கு மட்டுமே வரி கட்டுகிறார்.

படி 3: ஈரோட்டு மொத்தக் கடை

மொத்தக் கடைக்காரர் 4,000 லாபம் வைத்து 32,000-க்கு எங்களுக்கு விற்கிறார். வரி 1,600, இன்புட் 1,400, கட்டுவது 200.

படி 4: எங்கள் கடை

ஈரோட்டிலிருந்து எங்களுக்கு வரும் பில் 33,600. இங்கே புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு ஒன்று உண்டு. கையை விட்டுப் போனது 33,600 என்பதால் அதையே அடக்கவிலையாக எழுதி, அதன்மேல் லாபம் வைப்பார்கள். அடக்கவிலை 32,000தான். மீதி 1,600 நமக்குத் திரும்பி வரப்போகிற பணம். அதை விலையில் சேர்த்தால் வரிக்கு மேல் வரி போட்டு, பக்கத்துக் கடையைவிடக் கூடுதலாக விற்றுக்கொண்டிருப்போம். காரணமும் தெரியாது.

லாபம் 8,000 வைத்து, போர்வை 400 ரூபாய் வீதம் 40,000-க்கு விற்கிறோம். வாடிக்கையாளர்களிடம் வாங்கும் வரி 2,000, இன்புட் 1,600, நாங்கள் கட்டுவது 400.

இப்போது நான்கு பேர் கட்டியதையும் கூட்டுங்கள்.

```
800 + 600 + 200 + 400 = 2,000
40,000 × 5% = 2,000
```

அந்த அம்மா கேட்டதற்குப் பதில் இதுதான். நான்கு பேர் கட்டினாலும் வரி ஒரு தடவைதான். 400 ரூபாய் போர்வைக்கு 20 ரூபாய். அது நான்கு துண்டாகப் பிரிந்து போகிறது, அவ்வளவுதான். முழுச் சுமையும் கடைசியில் வாங்குகிறவர் தலையில் விழுகிறது, ஏனென்றால் அவருக்கு மட்டும் இன்புட் கிடையாது.

பில்லில் இந்த 5 சதவீதம் இரண்டு வரியாக இருக்கும். மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி 2.5, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி 2.5. இன்புட்டும் அப்படியே இரண்டு கணக்காக ஏறும். ஒன்றில் மிச்சம் இருக்கிறதென்று இன்னொன்றின் பாக்கியை அடைக்க முடியாது. இதே சரக்கை ஈரோட்டுக்காரர் பாலக்காட்டுக் கடைக்கு அனுப்பினால் பில்லில் ஐஜிஎஸ்டி 5 சதவீதம் என்று ஒரே வரிதான் இருக்கும். வாங்குகிற கடையின் ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்கினால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளா. பில் போடும்போது நான் முதலில் பார்ப்பது அந்த இரண்டு இலக்கங்களைத்தான்.

படி 5: மாதக் கணக்கில் இது எப்படி உட்காரும்?

100 போர்வையும் வாங்கிய மாதமே விற்றுவிடாது. ஜூனில் வாங்கி, அந்த மாதம் 40 விற்றது என்று வைப்போம். வாடிக்கையாளர்களிடம் வாங்கிய வரி 800. இன்புட் 1,600. விற்ற 40 போர்வைக்கு உண்டான இன்புட்டை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சரக்கும் பில்லும் வந்து சேர்ந்த மாதத்திலேயே முழு 1,600-ஐயும் எடுத்துக்கொள்ளலாம். ஜூனுக்குப் பணமாகக் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. மிச்சம் 800 அடுத்த மாதத்துக்குப் போகும். ஜூலையில் மீதி 60 விற்றால் வரி 1,200. அதில் 800 கழிந்து 400 கட்டுவோம். மேலே சொன்ன அதே 400.

படி 6: 14-ஆம் தேதி பார்க்க வேண்டியது

இன்புட் எடுக்கக் கையில் பில் இருந்தால் மட்டும் போதாது. விற்றவர் அந்தப் பில்லைத் தன் விற்பனைக் கணக்கான GSTR-1-இல் ஏற்றியிருக்க வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு அதற்குக் கடைசி நாள் அடுத்த மாதம் 11. அவர் ஏற்றியது 14-ஆம் தேதி நம் இன்புட் பட்டியலான GSTR-2B-யில் தெரியும். அதைப் பார்த்துத்தான் நாம் 20-ஆம் தேதிக்குள் மாத வரிக் கணக்கான GSTR-3B தாக்கல் செய்து வரியைக் கட்ட வேண்டும். 2B-யில் இல்லாத பில்லுக்கு இன்புட் எடுக்க முடியாது.

ஒரு தடவை எங்களுக்கு 11,000 ரூபாய்ச் சொச்சம் இன்புட் 2B-யில் வரவே இல்லை. சரக்கு வந்துவிட்டது, வரியோடு முழுப் பணமும் கொடுத்துவிட்டோம். மொத்த வியாபாரிக்குப் போன் செய்தால், "எல்லாம் ஏத்தியாச்சுங்களே, ஆடிட்டர் 10-ஆம் தேதியே முடிச்சுட்டாரு" என்றார். உண்மையிலேயே ஏற்றியிருந்தார், ஆனால் வேறு கடைக்கு. அவர் கம்ப்யூட்டரில் எங்கள் கடைப் பெயரிலேயே இன்னொரு ஊர்க் கடையும் இருந்தது. பில் போட்ட பையன் பட்டியலில் அதைத் தொட்டுவிட்டான். பில்லை எடுத்துப் பார்த்தேன். மேலே எங்கள் கடையின் பெயர்தான். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்த 15 இலக்க எண் எங்களுடையது இல்லை. சரக்கு இறங்கிய அன்றே அந்த எண்ணைப் பார்த்திருந்தால் அப்போதே மாற்றி வாங்கியிருக்கலாம். அந்த மாதம் கல்லாவிலிருந்து பணம் எடுத்துக் கட்டினோம். அடுத்த மாத GSTR-1-இல் அவர் எண்ணைத் திருத்தினார். அதற்குப் பிறகுதான் எங்கள் 2B-யில் வந்தது.

பில் வராததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஆண்டு விற்பனை 5 கோடிக்குள் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் வழியை எடுத்திருப்பார்கள். அவர்கள் இடைப்பட்ட மாதங்களிலும் 13-ஆம் தேதிக்குள் பில்களை மட்டும் ஏற்ற வசதி இருக்கிறது. ஏற்றச் சொல்லிக் கேட்காவிட்டால், காலாண்டு முடியும்வரை நம் இன்புட் காத்திருக்கும். புதிதாக ஒருவரிடம் சரக்கு எடுக்கும்போது விலைக்கு அடுத்தபடியாக இதைத்தான் கேட்கிறேன்.

படி 7: நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால்

சென்னிமலைத் தறிக்காரர் சிறியவர், ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்று வைப்போம். தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. அவர் வரி போடாமல் விற்பதால் போர்வை மலிவாகக் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். போட்டுப் பார்ப்போம்.

நூலுக்குக் கொடுத்த 800-ஐ அவரால் கழிக்க முடியாது. அது செலவாகி விலையில் ஏறிவிடும். அதனால் அவர் 28,800-க்கு விற்கிறார். பில்லில் வரி இல்லை, ஆகவே ஈரோட்டுக்காரருக்கு இன்புட்டும் இல்லை. அவர் அதே 4,000 லாபம் வைத்து 32,800-க்கு விற்றால் வரி 1,640. இந்தத் தடவை கழிக்க எதுவும் இல்லாததால் அந்த 1,640-ஐயும் முழுதாகக் கட்டுகிறார். நாங்கள் அதே 8,000 லாபம் வைத்தால் 40,800. வரி 2,040, இன்புட் 1,640, நாங்கள் கட்டுவது அதே 400தான்.

```
பதிவு பெற்ற தறி:   800 + 600 + 200 + 400   = 2,000
பதிவு இல்லாத தறி:  800 + 0 + 1,640 + 400   = 2,840
```

தறிக்காரர் ஒரு பைசாவும் அரசுக்குக் கட்டவில்லை, ஆனால் மொத்த வரி 840 ரூபாய் கூடிவிட்டது. 800 ரூபாய், நூலுக்குக் கட்டிய வரி யாருக்கும் திரும்பாமல் விலைக்குள் ஒளிந்துகொண்டது. 40 ரூபாய், அந்த 800-க்கு மேல் விழுந்த வரி. எங்கள் பில்லில் வரி 20 ரூபாய் 40 பைசா என்றுதான் தெரியும், மீதி 8 ரூபாய் கண்ணில் படாது. அந்த அம்மா கொடுக்க வேண்டிய 420 ரூபாய் 428 ரூபாய் 40 பைசா ஆகிவிடும்.

அதனால்தான் ஈரோட்டு மொத்த வியாபாரிகள் சின்னத் தறிக்காரர்களிடம், 40 லட்சம் எட்டாவிட்டாலும் தாமாகவே பதிவு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எடுக்காவிட்டால் 28,800 கேட்கும் இடத்தில் 28,000-க்குத்தான் வாங்குவேன் என்பார்கள். அப்போது அந்த 800 தறிக்காரரின் கூலியிலிருந்து போகிறது.