மெமோவுக்குப் பதில் எழுதும்போது "போன் எடுக்கவில்லை" என்பதோடு நிறுத்தாதீர்கள்

கடலூர் சிப்காட் பக்கம் சங்க வேலை பார்க்கிறவன் நான். ஷோகாஸ் நோட்டீஸை, அதாவது நாம் மெமோ என்று சொல்வதை, கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்குப் பதில் எழுத உதவுவது வழக்கம். தப்பு நடந்தது உண்மைதான், ஆனால் அதற்கு ஒரு சூழ்நிலையும் இருந்தது என்கிற கேஸ்தான் அதிகம் வரும், எழுதும்போது அதிகம் சொதப்புவதும் அதில்தான்.

சமீபத்தில் ஒரு தம்பி வந்தார். ரசாயனத் தொழிற்சாலையில் ஆபரேட்டர், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஷிப்ட். 5.05க்கு வீட்டிலிருந்து போன், அம்மா மயங்கி விழுந்துவிட்டார். ஷிப்ட் இன்சார்ஜுக்கு இரண்டு முறை போன் செய்தார், அவர் எடுக்கவில்லை. 5.20க்கு யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். மறுநாள் வந்த நோட்டீஸில் இரண்டு குற்றச்சாட்டு: அனுமதி இல்லாமல், பொறுப்பை ஒப்படைக்காமல் வேலையிடத்தை விட்டுப் போனது ஒன்று, அதனால் 6.30க்குத் தொட்டி வழிந்தது இன்னொன்று. 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும்.

அவர் எழுதிக்கொண்டு வந்த பதிலில் முக்கால் பக்கம் அம்மாவின் உடல்நிலை. அப்புறம் "இன்சார்ஜ் போனை எடுக்கவில்லை, மற்றவர்களும் இப்படிப் போவது உண்டு" என்று ஒரு வரி. கடைசியில் "என் செயல் நிர்வாகத்துக்கு வருத்தம் அளித்திருந்தால் மன்னிக்கவும்". அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது நிஜம், அதை நான் சந்தேகப்படவே இல்லை. ஆனால் இதைப் படிக்கிறவர் தேடுவது "நான் சொல்லாமல் போனேன்" என்கிற ஒரு வாக்கியத்தை, அது எங்கேயுமே இல்லை. "அளித்திருந்தால்" என்று எழுதினால் தப்பு நடந்ததா இல்லையா என்பதையே சந்தேகத்தில் விட்ட மாதிரி ஆகிவிடும். மற்றவர்களை இழுப்பது அதைவிட மோசம், தன்னைக் காப்பாற்றாது, கூட வேலை செய்கிறவர்களையும் மாட்டிவிடும்.

"இன்சார்ஜ் ரூம் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். இரண்டு நிமிட நடை என்றார். விஷயமே அதுதான். போன் எடுக்கவில்லை என்று நிறுத்தினால் சாக்கு. அதற்குப் பிறகு நான் செய்திருக்க வேண்டியது என்ன, அதை ஏன் செய்யவில்லை என்பதையும் எழுதினால் அதுவே விளக்கம். முதல் குற்றச்சாட்டுக்குக் கடைசியில் இப்படி எழுதினோம்:

"அன்று காலை 5.20க்கு அனுமதி பெறாமலும் பொறுப்பை ஒப்படைக்காமலும் நான் வேலையிடத்தை விட்டுச் சென்றது உண்மை. 5.05க்கு என் தாயார் மயங்கி விழுந்த தகவல் வந்தது. 5.08க்கும் 5.11க்கும் ஷிப்ட் இன்சார்ஜை போனில் அழைத்தேன், பேச முடியவில்லை. நேரில் அவர் அறைக்குச் சென்று சொல்லியிருக்கலாம், பதற்றத்தில் அதைச் செய்யவில்லை. அது என் தவறு, அதற்கு வருந்துகிறேன். மருத்துவமனை ஓ.பி. சீட்டின் நகலை இணைத்துள்ளேன்."

இரண்டாவது குற்றச்சாட்டில்தான் பெரிய ஆபத்து. பணிவாக இருக்க வேண்டும் என்று நினைத்து "எல்லாக் குற்றச்சாட்டுகளையும் ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதிவிடுகிறார்கள். தொட்டி வழிந்தது 6.30க்கு, ஆனால் அடுத்த ஷிப்ட் ஆபரேட்டர் 5.50க்கே வந்து லாக் புத்தகத்தில் லெவல் சரியாக இருப்பதாகக் குறித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதனால், யாரையும் குறை சொல்லாமல் அந்தப் பதிவை மட்டும் காட்டி, இந்தக் குற்றச்சாட்டை மறுக்கிறேன் என்று தனிப் பத்தியாக எழுதினோம். தெளிவாக ஒப்புக்கொண்ட ஒன்றுக்கு உள்விசாரணையே வேண்டாம் என்று நிர்வாகம் சொல்ல முடியும், அதனால் செய்ததை மட்டும், செய்த அளவுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். திருட்டு, கையாடல், போலிப் பதிவு மாதிரி வேலையே போகிற குற்றச்சாட்டு என்றால் சங்கத்தையோ தொழிலாளர் வழக்கறிஞரையோ பார்க்காமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

"இனி இப்படி நடந்தால் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்" என்றும் தம்பி எழுதியிருந்தார், அடித்துவிட்டேன். நாளைக்கு வேறு ஏதாவது நடந்தால் அந்த வரியைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். அதற்குப் பதிலாக "இனி அவசரம் என்றாலும் இன்சார்ஜிடம் நேரில் சொல்லி, மாற்று ஆள் வந்த பிறகே கிளம்புவேன்" என்று போட்டோம். அதை அவரால் செய்ய முடியும்.

அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, இரண்டாவது குற்றச்சாட்டை நிர்வாகம் விட்டுவிட்டது. எல்லோருக்கும் இப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை, பழைய மெமோக்கள் இருந்தால் கதை மாறும்.

48 மணி நேரம் போதாது என்றால், அது முடிவதற்குள் அவகாசம் கேட்டு எழுத்தில் கொடுங்கள், வாய்ப்பேச்சு நிற்காது. பதிலை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதி, கையெழுத்து வாங்கி வீட்டில் வையுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அன்றைக்கே தபால் ஆபீஸ் போய் பதிவு வசதியும் டெலிவரி சான்றும் கேட்டு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள்.