லேப்டாப்பில் சில எழுத்துகள் விழாதபோது செய்யக்கூடாதவை

வண்ணார்பேட்டையில் எங்கள் கடைக்குத் தொழில் பழக வரும் இளைஞர்கள், சில விசைகள் வேலை செய்யாத லேப்டாப்பைக் கண்டதுமே புதிய கீபோர்டுக்கு விலை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்பாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு.

எந்த விசைகள் என்று குறிக்காமல் முடிவெடுப்பது

ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி கிடையாது. கீபோர்டின் உள்ளே இருக்கும் மெல்லிய தாள்களில் குறுக்கும் நெடுக்குமாகத் தடங்கள் ஓடுகின்றன; ஒரே தடத்தைப் பல விசைகள் பகிர்ந்துகொள்கின்றன. பக்கத்துப் பக்கத்து விசைகள் பிசுபிசுத்து, அழுத்தினால் மெதுவாக மேலெழுந்தால், ஏதோ சிந்தி உறைந்திருக்கிறது. தொடர்பில்லாத இடங்களில் உள்ள விசைகள் ஒன்றாக அடங்கியிருந்தால், ஒரு தடம் அரித்துப்போயிருக்கலாம். அல்லது கீபோர்டை மதர்போர்டோடு இணைக்கும் ரிப்பன் கேபிள், அதன் கனெக்டரில் சரியாக அமராமல் இருக்கலாம்.

பூட்டைத் திறக்காமல் ரிப்பனை இழுப்பது

இந்தத் தவற்றை மட்டும் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மேலப்பாளையத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கொண்டுவந்த லேப்டாப்பில் ஜி, ஹெச், பேக்ஸ்பேஸ் ஆகியவை விழவில்லை. வேறோர் இடத்தில் புதிய கீபோர்டு மாற்றிய பிறகும் அதே விசைகள் விழவில்லை என்றார். திறந்து பார்த்தபோது, ரிப்பன் ஒரு பக்கம் உள்ளேயும் மறுபக்கம் சற்று வெளியேயுமாகச் சாய்ந்திருந்தது. கனெக்டரின் கருப்புப் பூட்டில் ஒரு காது முறிந்து, அந்த முனையில் பிடிமானமே இல்லாமல் இருந்தது. பழைய கீபோர்டில் கோளாறே இல்லாமலும் இருந்திருக்கலாம்.

அந்தப் பூட்டு நகத்தால் நெம்பினாலே எழும்பிவிடும். சில மாடல்களில் அது மேலே எழும்பாது. இருபுறமும் பிடித்து ஓரிரு மில்லிமீட்டர் வெளியே நகர்த்த வேண்டும். பூட்டு திறந்துவிட்டால் ரிப்பன் தானாக வழுக்கி வரும். சற்றேனும் இழுவை தெரிந்தால் பூட்டு இன்னும் திறக்கவில்லை என்றே பொருள், கையை எடுத்துவிட வேண்டும். திரும்பச் செருகும்போது, ரிப்பனின் விளிம்பு கனெக்டருக்கு இணையாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பின்பே பூட்ட வேண்டும். கனெக்டர் மதர்போர்டில் பற்றவைக்கப்பட்ட பாகம் என்பதால், பூட்டு முறிந்தால் ஹாட் ஏர் கொண்டு முழுக் கனெக்டரையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்த மாணவருக்குக் கீபோர்டின் விலையோடு அந்தச் செலவும் சேர்ந்தது.

பேட்டரி இணைப்பை எடுக்காமல் உள்ளே கை வைப்பது

கூடவே கூடாது.

உறைந்த காப்பியைத் தண்ணீர் விட்டுத் துடைப்பது

கருப்பட்டிக் காப்பி சிந்திக் காய்ந்தால், விசைக்கு அடியிலுள்ள ரப்பர் குமிழைச் சுற்றிப் பசைபோல் இறுகிவிடும். விசை மூடியைக் கழற்றி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் சிறிது சிறிதாகக் கரைத்து எடுக்கலாம். ஆனால் காப்பி தாள்களுக்கு இடையே இறங்கித் தடத்தை அரித்துவிட்டிருந்தால், எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. அப்போதுதான் புதிய கீபோர்டு.

சோதிக்காமல் மூடுவது

பல மாடல்களில் கீபோர்டு மேல்மூடியோடு உருக்கி ஒட்டப்பட்ட பிளாஸ்டிக் முளைகளால் பிடிக்கப்பட்டிருக்கும். அவற்றை நீக்கி மாற்றிய பின் மீண்டும் கழற்றுவது பெரும்பாடு. ஆகவே புதிய கீபோர்டின் ரிப்பனை முதலில் இணைத்து, எல்லா விசைகளையும் ஒருமுறை அழுத்திப் பார்த்த பின்பே முளைகளில் கை வைக்க வேண்டும்.