ஒரே லைன், இரண்டு ஆர்டர்: மோதலைக் கையாளும் ஐந்து வழிகள்

திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தையலுக்கு ஒரே லைன்தான், அதாவது ஒரே மெஷின் வரிசைதான், காலியாக இருக்கிறது. ஆர்டர்களைக் கவனித்து முடித்துக் கொடுக்கும் மெர்ச்சண்டைசர்கள் இரண்டு பேருக்கும் இந்த வாரமே அது வேண்டும். ஒருவருடைய சரக்கு சனிக்கிழமைக்குள் தூத்துக்குடி போயாக வேண்டும். இன்னொருவர் வியாழக்கிழமையே தன் ஆர்டரை லைனில் ஏற்றியாக வேண்டும் என்கிறார்.

முதலில் இரண்டு கேள்விகள். இந்த விஷயம் எனக்கு எவ்வளவு முக்கியம்? எதிராளிக்கு வேண்டியது கிடைப்பதில் எனக்கு எவ்வளவு அக்கறை? கென்னத் தாமஸ், ரால்ஃப் கில்மன் என்ற இருவர் 1970களில் இந்த இரண்டு அளவுகளை வைத்துத்தான் ஐந்து வழிகளைப் பிரித்தார்கள். முதலாவது மட்டும் அதிகமென்றால் அடித்துப் பேசுவது, இரண்டாவது மட்டும் அதிகமென்றால் விட்டுக்கொடுப்பது. இரண்டும் குறைவென்றால் ஒதுங்கிவிடுவது, நடுவில் நின்றால் சமரசம், இரண்டுமே அதிகமென்றால் கூடி வழி காண்பது.

அடுத்து, பேரம் பேசக் கூடாத விஷயமா என்று பாருங்கள். ஊசி உடைந்து ஒரு துண்டு கிடைக்கவில்லை, சூப்பர்வைசரோ மெஷினை ஓட்டச் சொல்கிறார். இங்கே செக்கிங் ஆள் அடித்துப் பேசத்தான் வேண்டும். குழந்தை உடுப்புக்குள் ஊசித்துண்டு போனால் யார் பதில் சொல்வது? மாறாக, டீ நேரம் பத்து நிமிடம் முன்னே பின்னே என்றால் விட்டுக்கொடுங்கள். இரண்டு பேரும் கொதித்துக்கொண்டிருந்தால் மதியம் வரை ஒதுங்கலாம், ஆனால் எப்போது பேசுவது என்று நேரம் சொல்லிவிட்டு ஒதுங்குங்கள்.

இனி நம் லைன். எல்லோருக்கும் சட்டென்று தோன்றுவது சமரசம்: ஆளுக்குப் பாதி மெஷின். நியாயமாகத்தான் தெரியும். ஆனால் புது ஸ்டைல் ஏறினால் டெய்லர்களுக்குக் கை பழக நேரம் பிடிக்கும், பாதி மெஷினில் முதல் ஆர்டரும் சனிக்கிழமைக்கு முடியாது. இரண்டு பேருக்கும் நட்டம்.

ஆகவே, "லைன் எதுக்குங்க வேணும்?" என்று கேளுங்கள். "வியாழக்கிழமை ஏத்தியே ஆகணுமுங்க" என்பது கோரிக்கை, அதற்குக் காரணம் வேறாக இருக்கும். துருவிக் கேட்டதும் வருகிறது: "சரக்கு வாங்குற பையருக்கு வெள்ளிக்கிழமை சாம்பிள் பீஸ் அனுப்போணுமுங்க்கா. அவங்க சரின்னு சொன்னாத்தானே மீதியத் தைக்க முடியும்." அப்படியானால் அவருக்கு முழு லைனும் வேண்டாம். சாம்பிள் செக்‌ஷனில் இரண்டு டெய்லர் போதும். லைன் சனிக்கிழமை வரை முதல் ஆர்டருக்கு, திங்கட்கிழமை காலை இவருக்கு. இதைப் பிளானிங் ஷீட்டில் அன்றே எழுதிவிடுங்கள், வாய்ப்பேச்சு திங்கட்கிழமை வரை தாங்காது.

இந்தப் பேச்சுக்கு அரை மணி நேரமாவது வேண்டும். கண்டெய்னர் வாசலில் நிற்கும்போது இது ஆகாது, அப்போது மேனேஜர் முடிவு சொல்ல வேண்டியதுதான். காரணத்தை மறைத்துப் பேசுகிறவரிடமும் இது எடுபடாது.

ஒன்றைக் கவனியுங்கள். கூடி முடிவெடுத்தோம் என்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்ந்தவருடைய ஆர்டரே தள்ளிப்போகிறது என்றால், அவர் விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த மீட்டிங்கில் அவரை முதலில் பேச விடுங்கள்.